ஓடும் புகையிரதத்தில் ஒருவர் நோயுற்றால்



கொழும்புக் கோட்டையிற் புகையிரதம் ஏறி, தலைமன்னாரிற் கப்பலுக்கு மாறி, தனுஷ்கோடியில் மீண்டும் புகையிரதம் ஏறிச் சென்னைக்குச் சென்ற காலத்தை நம்முள் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் அந்த வழி அடைபட்டது. ஆயினும் யாத்திரை நின்றுவிடவில்லை. இன்று நம்மவர் விமானத்திற் சென்னைக்குச் சென்று, எழும்பூரில் இரவு வண்டி ஏறி, இராமேசுவரத்துக்கோ மதுரைக்கோ புறப்படுகின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். சலரோகமும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள். பன்னிரண்டு மணி நேரம் ஓடும் வண்டியில், நள்ளிரவில், ஊர் பேர் தெரியாத வெளியில் ஒருவருக்கு மார்பு அடைத்தால் என்ன செய்வது? இன்றைய பேச்சில் அந்த ஒரு வினாவுக்கே விடை காண முயல்வோம்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற ஒரு தம்பதியர். கணவருக்கு எழுபது வயது, மனைவிக்கு அறுபத்துநான்கு. மனைவி பல்லாண்டுகளாகச் சலரோகத்துக்கு மருந்து உண்பவர். எழும்பூரில் மாலையில் ஏறிய வண்டி செங்கற்பட்டைக் கடந்து, திண்டிவனத்தையும் பின்னே விட்டு, விழுப்புரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மையார் திடீரென எழுந்து உட்காருகிறார். உடல் வியர்த்துக் கொட்டுகிறது, குமட்டுகிறது, மூச்சு வாங்குகிறது. மார்பில் நோவு உண்டா என்று கணவர் கேட்க, "நோவில்லை, ஏதோ இறுக்குமாப்போல இருக்குது" என்கிறார்.

முதல் தவறு நேருகின்ற இடம் இதுவே. சலரோகக்காரர் வியர்த்து மயங்கினால், நேரத்துக்கு உண்ணாததால் சீனி குறைந்துவிட்டது என்று வீட்டார் எண்ணுவது வழக்கம். அப்படியும் இருக்கலாம். ஆகவே, நினைவு தெளிவாக உள்ளவருக்குச் சீனி கலந்த நீரோ பழரசமோ கொடுப்பதில் தவறில்லை. கையிற் சீனி அளக்கும் கருவி இருந்தால் அளந்து பார்ப்பது அதனினும் நன்று. சீனிக் குறைவானால் பத்துப் பதினைந்து நிமிடத்திற் தெளிவு தெரியத் தொடங்கும். ஆனால், நெடுங்காலச் சலரோகம் உள்ளவர்களுக்கு, அவர்களுள்ளும் பெண்களுக்கு, மாரடைப்பு வரும்போது நாம் கேள்விப்பட்ட கடும் நெஞ்சுவலி தோன்றாமலே இருக்கலாம். வியர்வையும் மூச்சுத்திணறலும் குமட்டலும் தாடையிலோ தோளிலோ ஒரு பிடிப்புமே அதன் அறிகுறிகளாகலாம். எனவே, சீனி நீரைக் கொடுத்துவிட்டு விளைவைப் பார்த்துக் காத்திருத்தல் கூடாது. அதைக் கொடுத்துக்கொண்டே உதவியையும் அழைக்க வேண்டும். அழைத்த பின் உடல் தேறிவிட்டால் எவரும் குறை கூறப்போவதில்லை.

இரண்டாவது தவறு, பதற்றத்தில் அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுப்பது. பெட்டியில் அது கண்ணெதிரே தொங்குகிறது. இழுக்கத்தான் கை போகும். இழுத்தால் என்ன நிகழும் என்று சிந்தித்துப் பாருங்கள். வண்டி வயல்வெளியில் நிற்கும். அங்கே வைத்தியர் இல்லை. அம்புலன்ஸ் வந்து சேரப் பாதையும் இல்லாமலிருக்கலாம். எந்தப் பெட்டியில் இழுக்கப்பட்டது என்று ஊழியர் இறங்கி நடந்து தேடி, அதைச் சரிசெய்த பின்னரே வண்டி மீண்டும் புறப்படும். நோயாளிக்குக் கிடைத்திருக்கவேண்டிய பல நிமிடங்கள் இருட்டிற் கழிந்துவிடும். ஓடும் வண்டியே அந்நேரத்தில் நோயாளிக்கு வாய்த்த மிக விரைவான வாகனம். அதை நிறுத்துவதல்ல, அது அடுத்து நிற்கும் இடத்தில் வைத்தியர் காத்திருக்கச் செய்வதே நம் வேலை. சங்கிலிக்கு உரிய இடமும் உண்டு. நிலையத்தில் நோயாளியை இறக்கிக்கொண்டிருக்கையில் வண்டி நகரத் தொடங்கினாலோ, எவரேனும் வண்டியிலிருந்து விழுந்துவிட்டாலோ, பெட்டியில் தீப்பற்றினாலோ தயங்காமல் இழுக்கலாம். தக்க காரணமின்றி இழுத்தல், 1989ஆம் ஆண்டின் இந்திய ரயில்வேச் சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.

அப்படியானால் யாரிடம் சொல்வது? நம் நாட்டுப் பழக்கத்தில், "கார்டிடம் சொல்லுங்கள்" என்றே எவரும் கூறுவர். கார்ட் என்பவர் இந்தியாவிலும் உண்டு. 2022ஆம் ஆண்டு முதல் அங்கே அவரது பதவிப் பெயர் 'டிரெயின் மனேஜர்' என மாற்றப்பட்டிருக்கிறது. ஆயினும் மக்கள் இன்னும் கார்ட் என்றே அழைக்கின்றனர். அவரிடம் முதலுதவிப் பெட்டி இருக்கும். வண்டி ஓட்டுநரோடும் அணுகிவரும் நிலையங்களோடும் பேசுவதற்கு ஒரு கைவானொலியும் இருக்கும். ஆனால் அவர் இருப்பது வண்டியின் கடைக்கோடியில். இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகள் கோத்த வண்டியில், நடுப்பெட்டியில் இருக்கும் நீங்கள், வண்டி ஓடும்போது அவரை அடைய இயலாது. அடுத்த நிலையத்தில் இறங்கி அவரிடம் ஓடுவதென்றால் பொன்னான நேரம் போய்விடும்.

ஆகவே, முன்பதிவு செய்த பெட்டியில் இருப்போர் முதலில் நாடவேண்டியவர் பயணச்சீட்டுப் பரிசோதகர். அவரை அங்கே டி.டி.இ. என்பர், டி.டி.ஆர். என்று சொன்னாலும் விளங்கிக்கொள்வர். குளிரூட்டப்பட்ட பெட்டியானால் படுக்கை விரிப்புக் கொடுக்கும் உதவியாளர் இருப்பார். அவரைப் பரிசோதகரிடம் அனுப்பலாம். சில வண்டிகளில் ரயில்வேப் பாதுகாப்புப் படையினரும் உடன் வருவர். பரிசோதகர் செய்யும் காரியங்கள் இரண்டு. ஒன்று, வண்டியிற் பயணஞ் செய்வோருள் வைத்தியர் எவரேனும் உளரா என்று பெட்டி பெட்டியாக விசாரிப்பார். மற்றது, கோட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி அனுப்புவார். வண்டிகள் எங்கே நிற்க வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும் என்பதை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அது. அடுத்த நிலையத்தின் அதிபருக்கும் ரயில்வே வைத்தியருக்கும் அங்கிருந்தே கட்டளை போகும். நிலைமை மிகக் கடுமையானால், வழக்கமாக நில்லாத நிலையத்திலும் வண்டியை நிறுத்தச் செய்யும் அதிகாரம் அவ்வறைக்கு உண்டு. முன்பதிவு இல்லாத பெட்டியிற் பரிசோதகர் இருப்பது அரிது. அப்பெட்டியில் இருப்போருக்குத் தொலைபேசியே முதற் துணை; வண்டி நின்றதும் கார்ட்.

பரிசோதகரைத் தேட ஒருவர் போகும் அதே வேளையில், இன்னொருவர் 139 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முன்னர் வெவ்வேறு உதவிகளுக்கு வெவ்வேறு எண்கள் இருந்தன. 2021ஆம் ஆண்டில் அவை யாவும் இந்த ஒரே எண்ணில் இணைக்கப்பட்டன. மொழியைத் தெரிந்தெடுத்த பின், பாதுகாப்புக்கும் மருத்துவ உதவிக்கும் 1 என்ற பொத்தானை அழுத்தினால் ஓர் ஊழியர் பேசுவார். அந்த எண் எக்காரணத்தாலோ கிடைக்காவிட்டால், இந்தியா முழுவதற்குமான அவசர எண் 112. தமிழ்நாட்டில் அம்புலன்ஸுக்கு உரிய எண் 108.

இங்கே நம்மவருக்கு மட்டும் உரிய ஓர் இடர் உண்டு. இலங்கை எண்ணோடு கூடிய கைத்தொலைபேசியிலிருந்து இந்த மூவிலக்க எண்கள் கிடைக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. இந்திய எண் ஒன்று கையில் இல்லையேல், பக்கத்துப் பயணியிடம், "ஐயா, உங்கள் போனிலிருந்து ஓர் அவசர அழைப்பு" என்று கேட்டுவிடுங்கள். மறுக்கும் மனிதர் அங்கே அபூர்வம்.

அழைத்தவுடன் என்ன சொல்வது என்பதே உயிர்நிலை. ஓடும் வண்டியில் தொலைபேசி எந்நேரமும் அறுந்துபோகும். ஆகையால், கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கக் கூடாது. இடம் முதலில், நோய் அடுத்து, மற்றவை பின்னர். நம் பெரியவர் இவ்வாறு பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"வண்டி எண் இது. பெட்டி எஸ் 5, இருக்கை 33. திண்டிவனம் தாண்டிவிட்டோம், விழுப்புரம் நோக்கிப் போகிறோம். பெண், வயது அறுபத்துநான்கு. வியர்வை, மூச்சுத்திணறல், மார்பில் இறுக்கம். நினைவு இருக்கிறது. சலரோகம் உள்ளவர். மாரடைப்போ என்று அஞ்சுகிறோம்."

அரை நிமிடத்துக்கு மேற்படாத இப்பேச்சில் வைத்தியருக்கு வேண்டியவை அனைத்தும் உள்ளன. வண்டி எண் ஐந்து இலக்கம் கொண்டது. பயணச்சீட்டில் அதனருகே பத்து இலக்கம் கொண்ட பி.என்.ஆர். எண் ஒன்றும் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கூறினால், வண்டியும் பெட்டியும் இருக்கையும் ஊழியருக்குத் தெரிந்துவிடும். ஏறியவுடனேயே இவ்விரண்டு எண்களையும் பெட்டி எண்ணையும் ஒரு தாளிற் பெரிதாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். கை நடுங்கும் நேரத்திற் பயணச்சீட்டின் சிற்றெழுத்துக்களைத் தேடுவது எளிதன்று. பேசி முடித்தபின், எந்தத் தொலைபேசியிலிருந்து பேசினீர்களோ அதை வேறு எதற்கும் பயன்படுத்தாது வைத்திருங்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்த எண்ணுக்கே திரும்ப அழைப்பர். ஊரிலுள்ள பிள்ளைகளுக்குச் சொல்வது அதன் பின்னர் ஆகட்டும்.

பரிசோதகரிடமும் சொல்லி, 139க்கும் சொல்வது மிகையல்லவா என்று சிலர் எண்ணலாம். மிகையன்று. விழுப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. விழுப்புரமோ திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தைச் சேர்ந்தது. ஓர் அறைக்குப் போன செய்தி அடுத்த அறைக்குக் கைமாற வேண்டும். அந்த இடைவெளியிற் செய்தி தாமதமானாலும், மற்றொரு வழியாக வந்த செய்தி அதை எட்டச் செய்யும்.

செய்தி போய்விட்டது. விழுப்புரத்துக்கு இன்னும் ஏறக்குறைய அரைமணி நேரம். அதுவரை பெட்டிக்குள்ளே செய்யவேண்டியது என்ன? அம்மையாரை நடக்க விடக் கூடாது. கழிவறைக்குப் போவதையும் தவிர்க்க வேண்டும். கீழ் இருக்கையில், முதுகுக்குத் தலையணை கொடுத்து, அரைவாசி சாய்ந்தவாறு உட்காரவைக்க வேண்டும். மேற்படுக்கையில் இருந்திருந்தால், நினைவு தெளிவாக இருக்கும்போதே கீழே இறக்கிவிடுவது அவசியம். மயங்கிய பின் அங்கிருந்து இறக்குவது பெரும்பாடு. இறுக்கிய ஆடையைத் தளர்த்தி, சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்க வேண்டும். சீனிக்காகக் கொடுத்த நீரைத் தவிர வேறு உணவு வேண்டாம். அஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் செய்வது மாரடைப்பிற் பயன்தரும் என்பது உண்மையே. ஆயினும், அதற்கு ஒவ்வாமை உள்ளவருக்கும் குடற்புண், இரத்தப்போக்கு உள்ளவருக்கும் அது தீங்காகும். எனவே வண்டியிலுள்ள வைத்தியரோ தொலைபேசியிற் பேசும் வைத்தியரோ சொன்னாற் கொடுங்கள். அக்கம்பக்கத்தார் தத்தம் பைகளிலிருந்து எடுத்து நீட்டும் மாத்திரைகளை அன்போடு மறுத்துவிடுங்கள்.

வண்டி நிலையத்தை நெருங்குகிறது. இங்கேதான் மூன்றாவது தவறு நேருகிறது. இருபத்திரண்டு பெட்டிகள் கொண்ட வண்டியின் நீளம் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர். வைத்தியர் ஒரு முனையில் நிற்க, நோயாளி மறுமுனையில் இருந்தால், மேடையில் நெருக்கும் கூட்டத்தினூடே அவர் வந்து சேர்வதற்குள் வண்டி நிற்கும் நேரமே முடிந்துவிடும். பெட்டி எண்ணைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று வற்புறுத்தியது இதனாலேயே. வண்டி மேடையில் நுழையும்போது, இளைஞர் ஒருவர் பெட்டி வாசலில் எச்சரிக்கையாக நின்று, கைத்தொலைபேசி விளக்கையோ வெள்ளைத் துணியையோ அசைத்துக் காட்டட்டும். நின்றவுடன் வேறொருவர் இறங்கிக் கார்டிடம் விரைந்து, நோயாளியை வைத்தியர் பார்த்து முடியும்வரை வண்டியைப் புறப்படவிட வேண்டாம் எனக் கூறட்டும். கார்ட் பச்சை காட்டாமல் வண்டி நகராது. கார்டை நாம் நேரே நாடவேண்டிய வேளை இதுவே.

ரயில்வே வைத்தியர் பெட்டிக்குள் வந்து பார்ப்பார். இதற்கு நூறு ரூபாய் கட்டணமும், கொடுக்கும் மருந்தின் விலையும் அறவிடுவர், பற்றுச்சீட்டுக் கொடுப்பர். ஆனால் அவரிடமிருந்து எதிர்பார்க்கக்கூடியதன் எல்லையை நாம் அறிந்திருக்க வேண்டும். அவர் சில நிமிடங்களிற் பார்த்து முதற் சிகிச்சை செய்வார். பயணத்தைத் தொடரலாமா, இறங்க வேண்டுமா என்று தீர்ப்புக் கூறுவார். வண்டியோடு கூடவே வரமாட்டார். எல்லா நிலையங்களிலும் ரயில்வே வைத்தியர் இருப்பார் என்றும் எண்ணிவிடக் கூடாது. இல்லாத இடத்தில், நிலைய அதிபர் ஊரிலுள்ள வைத்தியரையோ 108 அம்புலன்ஸையோ வரவழைப்பார்.

நம் கதையில் வைத்தியர் நாடி பார்த்து, இரத்த அழுத்தம் அளந்து, "அம்மாவை உடனே இறக்குங்கள், இது இதயக் கோளாறாகத் தெரிகிறது" என்கிறார். பெரியவர் தயங்குகிறார். "டொக்டர், இராமேசுவரத்தில் நாளைக்குத் தர்ப்பணத்துக்கு ஒழுங்கு செய்திருக்கிறோம். தெரியாத ஊரில் இறங்கி நான் என்ன செய்வேன்? திருச்சி மட்டும் போகலாமோ?" என்று கேட்கிறார்.

நேயர்களே, இந்தத் தயக்கத்தை யாரும் நகைக்க வேண்டாம். வேற்று நாட்டில், இரவு வேளையில், துணைக்கு ஆளின்றி நிற்கும் எவருக்கும் அதுவே தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளி 170 கிலோமீற்றருக்கு மேல்; வண்டிக்கு இரண்டு, மூன்று மணி நேரம். இடையில் விருத்தாசலமும் அரியலூரும் உண்டு. ஆயினும் வண்டியில் மீண்டும் நோய் மிகுந்தால், முதலிலிருந்து அழைப்பும் காத்திருப்பும் தொடங்க வேண்டும். இதயத்தின் இரத்தக்குழாய் அடைபட்டிருந்தால், அடைப்பு நீங்கும்வரை இதயத் தசை நிமிடந்தோறும் அழிந்துகொண்டிருக்கும். விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வைத்தியசாலை இருக்கிறது. தெரியாத ஊர் என்றாலும், வைத்தியசாலை உள்ள ஊரே அந்நேரத்தில் நம் ஊர். தர்ப்பணத்தைப் பிறிதொரு நாளிற் செய்யலாம்.

இறக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நிலைய அதிபரின் அலுவலகத்திற் தூக்குபடுக்கை வைத்திருப்பர். ஆனால் பெட்டியின் ஒடுங்கிய நடையில் அது திரும்பாது. ஆகவே நோயாளியைக் கெட்டியான படுக்கை விரிப்பில் வைத்து நால்வர் மூலைகளைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து, மேடையிற் தூக்குபடுக்கைக்கு மாற்றுவதே எளிய வழி. கணவர் நோயாளியை விட்டு அகலக் கூடாது. அவர் கையில் இருக்கவேண்டியவை மூன்றே: இருவருடைய கடவுச்சீட்டுகள், அன்றாடம் உண்ணும் மருந்துகளும் அவற்றின் பெயர் எழுதிய தாளும், பணம். மற்றப் பொதிகளைச் சக பயணிகள் இறக்கிக் கொடுப்பர். அவற்றை நிலைய அதிபரின் பொறுப்பிலோ ரயில்வேப் பொலிசாரிடமோ விட்டுவிட்டு அம்புலன்ஸில் ஏறிவிடலாம். பெட்டிகளை எண்ணி நின்று அம்புலன்ஸைத் தாமதிக்கச் செய்தல் பேதைமை.

நம் நாட்டுப் பயணத்துக்கும் இதிலிருந்து ஒரு சொல். யாழ்தேவியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே இத்தகைய இடர் நேர்ந்தாலும் வழி இதுவே. கார்டுக்கும் அடுத்த நிலைய அதிபருக்கும் செய்தியை எட்டச் செய்யுங்கள். கூடவே 1990 என்ற எண்ணை அழையுங்கள். இந்திய உதவியோடு 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களிற் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்த 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவை அது. ஆனால் அம்புலன்ஸ் ஓடும் வண்டியைத் துரத்தி வராது. எந்த நிலையத்துக்கு வரவேண்டும் என்பதை நீங்களே சொல்ல வேண்டும். நீங்கள் கடந்த நிலையத்தை அன்று, இனி வரப்போகும் நிலையத்தைச் சொல்லுங்கள்.

இரவு வண்டி ஏறும் நேயர்களே, இருக்கையில் அமர்ந்ததும் ஒரு சிறு தாளை எடுங்கள். வண்டி எண், பெட்டி எண், இருக்கை எண், பி.என்.ஆர். எண், 139, 108, உங்கள் நோய், உண்ணும் மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். வழியில் வண்டி நிற்கும் பெரிய நிலையங்களின் பெயர்களையும் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடமும் அது இருக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள். நோயுற்றவர் நீங்களேயானால், அதை எடுத்து வாசிக்கவேண்டியவர் அவர்தானே.